அவரு வந்துட்டாரு: ஒரு காக்காவை மொழிபெயர்த்த கதை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போயிருக்கீங்களா? ஏலம் போட்டு முடிக்கும்போது தரையில் மீன் செதில், வால், குடல் எல்லாம் கிடக்கும். அதைத் தின்ன வருகிற காக்காக்களை எண்ணி முடிக்க முடியாது. அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே வந்தால், கன்டெய்னர் லாரி வரிசையும் துறைமுக கிரேன்களும்தான் கண்ணில் படும். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டுமே தினசரிக் காட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரேன் என்பதும் பறவைதான். நீண்ட கழுத்துக் கொக்கு இனப் பறவைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கழுத்தை நீட்டிப் பாரம் தூக்கும் இயந்திரத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆனால் துறைமுகத்தில் யாராவது "அந்தக் கொக்கை இங்க திருப்புப்பா" என்று சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லில் பறவை எப்போதோ செத்துவிட்டது. மொழிபெயர்க்கும்போது அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

காக்கா அப்படி இல்லை. தமிழில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த உயிரோடு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முயற்சி செய்து, நான் மூன்று முறை தோற்றேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதைக்குள் ஒரு திதி

எங்கள் சீனியர் ஒருத்தர் மூன்று பக்கச் சிறுகதை ஒன்று எழுதியிருந்தார். அதைக் கல்லூரி ஆண்டு மலரின் ஆங்கிலப் பகுதிக்கு மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது.

கதை இதுதான். காசிமேட்டு ஃபைபர் போட் தொழிலாளி ஒருத்தர் கடலில் இறந்துவிடுகிறார். இறப்பதற்கு முதல் நாள் ராத்திரி, படிப்புச் செலவு விஷயமாக மகனுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. மன்னிப்புக் கேட்க மகனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துத் திதி வருகிறது. அம்மா சமைத்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை போட்டு, சோறும் வடையும் அவருக்குப் பிடித்த மீன் வறுவலும் வைக்கிறாள். காக்கா எடுத்தால்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட முடியும். ஆனால் காக்கா வரவில்லை. துறைமுகத்தில் வயிறு நிறையத் தின்ற காக்காவுக்கு இந்த மாடிச் சோறு எதற்கு என்று மகன் மனசுக்குள் கிண்டல் பண்ணுகிறான். அம்மா மெதுவாக, "வரல பாரு. இன்னும் கோவமாத்தான் இருக்காரு போல" என்கிறாள். கடைசியில், இதையெல்லாம் நம்பாத அந்த மகன், வாயைக் குவித்து "கா... கா..." என்று கூப்பிடுகிறான். ஒரு காக்கா வந்து மீனைக் கொத்தி எடுக்கிறது. அம்மா சொல்கிறாள்: "அவரு வந்துட்டாரு." கதை முடிகிறது.

நம்மில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அப்பா மன்னித்துவிட்டார். அவ்வளவுதான்.

நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். கடைசி வரியை ஆங்கிலத்தில் எழுதியபடியே தமிழுக்குத் திருப்பினால், "ஒரு காகம் வந்து மீனை எடுத்துக்கொண்டு பறந்தது. அவர் வந்துவிட்டார் என்றாள் அம்மா" என்று வரும். இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. வெளிநாட்டில் வளர்ந்த, தமிழ் படிக்கத் தெரியாத என் அத்தை மகளுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து வந்த பதில்: "முடிவு செம பயங்கரம். அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா? அந்தக் காக்கா அடுத்த சாவுக்கு அறிகுறியா?"

ஆறுதலாக முடிந்த கதை, கடல் தாண்டியதும் பேய்க்கதை ஆகிவிட்டது. ஒரு வார்த்தைகூட நான் தப்பாக மொழிபெயர்க்கவில்லை.

ஒரே குரல், இரண்டு செய்தி

அவள் மேல் தப்பில்லை. அவள் படித்து வளர்ந்த கதைகளில் கருப்புப் பறவை வந்தால் அதற்கு வேறு வேலை. ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்தைக் குறிக்கிற பழைய சொல்லின் இன்னொரு அர்த்தம் கொலை. எட்கர் ஆலன் போ 1845ல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதையில், காதலியை இழந்தவனின் அறைக்குள் நுழையும் கரும்பறவை அவனுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையையும் பறிக்கிறது. அந்த வாசிப்பில் ஊறியவர்களுக்கு, செத்தவர் வீட்டு மாடியில் காக்கா இறங்கினால் முதுகு சில்லிடத்தானே செய்யும்?

நமக்கு நேர் எதிர். சுவரில் உட்கார்ந்து காக்கா கத்தினால் "யாரோ விருந்தாளி வரப்போறாங்க" என்பாள் பாட்டி. இது நேற்று வந்த நம்பிக்கை இல்லை. குறுந்தொகையின் 210ஆம் பாட்டு இதே விஷயம்தான். பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்துவிட்டான். 'நான் இல்லாதபோது இவளைத் தேற்றினாயே' என்று அவன் தோழியைப் பாராட்ட, அவளோ அந்தப் பெருமையைக் காக்கைக்குக் கொடுக்கிறாள். வரவைச் சொல்லிக் கரைந்த காக்கைக்கு நெய்ச்சோறு எவ்வளவு வைத்தாலும் தகும் என்கிறாள். இதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதே குரலை அரபு மரபில் வைத்துப் பாருங்க. பழைய அரபுக் கவிதையில் 'பிரிவின் காகம்' என்றே ஒரு தொடர் உண்டு. காகம் கத்தினால் காதலர்கள் பிரியப் போகிறார்கள், கூடாரத்தைக் கலைத்துக் கூட்டம் வேறு இடம் போகப் போகிறது என்று பொருள். ஒரே பறவை, ஒரே கரைச்சல். ஒரு ஊரில் 'வருகிறான்', இன்னொரு ஊரில் 'போகிறான்'.

இதைக் கேட்டதும் "தமிழில் காக்கா நல்லது, வெளியே கெட்டது" என்று ஒரு அட்டவணை போடத் தோன்றும். போடாதீங்க, அதுவும் தப்பு. நம் ஊரிலேயே காக்கா தலையில் தட்டிவிட்டுப் போனால் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகச் சொல்வார்கள். அது சனீஸ்வரனின் வாகனம். பித்ருக்களாக வந்து சோறு எடுக்கிற அதே காக்கா வீட்டுக்குள் நுழைந்தால் விரட்டுவோம். பறவைக்கு ஒரே ஒரு அர்த்தம் எந்த ஊரிலும் கிடையாது. எங்கே உட்கார்ந்தது, எப்போது கத்தியது, யார் கூப்பிட்டு வந்தது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அர்த்தம் பிறக்கிறது. மொழிபெயர்ப்பவர் கடத்த வேண்டியது பறவையை மட்டுமல்ல, அந்தச் சூழ்நிலையையும்தான்.

நான் செய்த மூன்று தப்புகள்

முதல் தப்பை மேலே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, வாசகருக்குப் புரியும் என்று நம்பினேன்.

இரண்டாவது தப்பில் எனக்குப் பாதிப் பங்கு. வரைவைப் பார்த்த ஒரு நண்பன், "க்ரோ ரொம்ப சாதாரணமா இருக்கு, ரேவன்னு போடு, கவித்துவமா இருக்கும்" என்றான். போட்டேன். அது இரட்டைத் தப்பு. ரேவன் என்பது வேறு பறவை. உடல் பெரிது, அலகு தடிமன், குரல் கட்டையானது. இந்தியாவில் அது இமயமலையிலும் ராஜஸ்தான் மாதிரியான வடமேற்குப் பகுதிகளிலும்தான் உண்டு. காசிமேட்டு மாடியில் வந்து இறங்க வழியே இல்லை. அங்கே வருவது கழுத்து சாம்பல் நிறமாக இருக்கிற வீட்டுக் காக்கா, அல்லது முழுக் கருப்பான அண்டங்காக்கை. அதோடு போ கவிதையின் இருட்டு முழுவதும் ரேவன் என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேய்க்கதையாகப் படிக்காதே என்று சொல்ல நினைத்த நான், பேய்க்கதைக்கு வரவேற்பு வளைவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது முறை அடிக்குறிப்பு போட்டேன். கடைசி வரியின் மேல் ஒரு நட்சத்திரம். கீழே நான்கு வரி: தமிழர்கள் முன்னோர்கள் காக வடிவில் வருவதாக நம்புகிறார்கள், இத்யாதி. தகவல் சரிதான். ஆனால் மகன் அழப்போகிற இடத்தில் வாசகரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "ஒரு நிமிஷம், பொது அறிவுக் கேள்வி" என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நகைச்சுவைத் துணுக்குக்குக் கீழே விளக்கம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி. அடிக்குறிப்பு ஆய்வு நூலுக்குப் பொருந்தும். கதையின் உச்சத்தில் அது உதவாது.

தீர்வு ஒரு விகுதியில் இருந்தது

மறுபடியும் தமிழ் மூலத்தை எடுத்துப் படித்தேன். இந்த முறை காக்காவை விட்டுவிட்டு, வினைச்சொல்லை மட்டும் பார்த்தேன். அங்கேதான் விஷயம் இருந்தது.

தமிழில் காக்கா 'வந்துடுச்சு'. அப்பா 'வந்துட்டாரு'. அம்மா கடைசியில் சொல்வது இரண்டாவது. காக்காவைப் பார்த்துக்கொண்டே மரியாதை விகுதி போடுகிறாள். கதையின் திருப்பம் மொத்தமும் அந்த 'ஆரு'வில் இருக்கிறது.

இன்னும் நுட்பமாக ஒன்று உண்டு. அதற்கு முன்னால் அம்மா சொல்வது "வரல பாரு." பேச்சுத் தமிழில் 'வரல' என்பதற்குத் திணையும் கிடையாது, பாலும் கிடையாது. நான் வரல, அவரு வரல, காக்கா வரல, எல்லாமே ஒரே 'வரல'. ஆகவே அம்மா காக்காவைச் சொல்கிறாளா, புருஷனைச் சொல்கிறாளா என்று மூலத்தில் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அழகு. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'வரல' என்று எழுத வேண்டுமானால் வராதது 'இட்'டா 'ஹீ'யா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். என் முதல் வரைவில் யோசிக்காமல் எல்லா இடத்திலும் 'இட்' போட்டிருந்தேன். அதனால் கடைசியில் அம்மா திடீரென்று 'ஹீ' என்றதும், அத்தை மகளுக்கு அவள் மனநிலை தவறியவளாகத் தெரிந்திருக்கிறாள்.

எனவே நான்காவது வரைவில் ஒரு விதி வைத்தேன். அம்மா பேசும்போது முதல் வரியிலிருந்தே 'ஹீ'. மகன் கதை சொல்லும்போது 'இட்'. இலை போடும்போதே அம்மா, "அவர் சாப்பிடுகிற வரைக்கும் நாம யாரும் சாப்பிடக் கூடாது" என்கிறாள். மூலத்தில் அந்த வாக்கியம் "காக்கா எடுத்தாதான் சாப்பிடணும்" என்று இருந்தது. நான் மாற்றியது இந்த ஒரு இடம்தான். இதனால் இரண்டு லாபம். வழக்கம் என்னவென்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே, கதையின் உள்ளிருந்தே தெரிந்துவிடுகிறது. அம்மா அதைச் சாதாரண வீட்டு விதியாகச் சொல்வதால் பயமும் வருவதில்லை. மகன் மட்டும் பிடிவாதமாக 'இட்', 'இட்' என்று சொல்லிக்கொண்டே வருகிறான்.

முடிவில் காக்கா வந்து மீனைக் கொத்துகிறது. மூலத்தில் அம்மாவின் வசனத்துக்கு முந்தைய வரி மகனின் விவரிப்பு. அதில் இறங்கும்போது 'இட்' என்று ஆரம்பித்து, மீனை எடுக்கும்போது 'ஹீ' என்று மாற்றினேன். மகன் மாறிவிட்டான் என்பது ஒரு பிரதிப்பெயரில் தெரிந்துவிடுகிறது. தமிழில் அம்மாவின் விகுதி செய்த வேலையை ஆங்கிலத்தில் மகனின் பிரதிப்பெயர் செய்கிறது. எழுதிய சீனியரிடம் காட்டி, "உங்க கதையில இது இல்லையே, சரியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

அத்தை மகளுக்கு மறுபடியும் அனுப்பினேன். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஆறு மாசமாகப் பேச்சு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் எழுதியது ஒரே வரி: "அப்பாவுக்கு போன் பண்ணணும் போல இருக்கு." அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை.

எதிர்த்திசையில் ஒரு ஆந்தை

இதே சிக்கல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஆந்தை ரூபத்தில் வரும். கிரேக்கத்தில் அது அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. ஏதென்ஸ் நகரத்து வெள்ளி நாணயத்தில் ஆந்தை உருவம் இருந்தது. அதனால்தான் ஆங்கிலச் சிறுவர் கதைகளில் ஆந்தை கண்ணாடி போட்ட வாத்தியாராக வருகிறது. நம்மூரில் ஆந்தை கத்தினால் சாவு. 'ஆந்தை மாதிரி முழிக்காதே' என்றால் திட்டு. கட்டடப் பொந்துகளில் குடியிருக்கும் வெண்கூகைக்குச் சாவுக்குருவி என்றே பேர்.

"ஆந்தைன்னா இந்தியா முழுக்க இப்படித்தான்" என்று ஹாஸ்டலில் ஒருநாள் அடித்துவிட்டேன். கொல்கத்தா நண்பன் சிரித்தான். அவர்கள் வீட்டில் வெள்ளை ஆந்தை லட்சுமியின் வாகனம். பூஜைப் படத்தில் அம்மன் காலடியில் உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பக்கம் வந்தால் யாரும் விரட்டக் கூடாதாம், விரட்டினால் லட்சுமியை விரட்டின மாதிரி. இந்திக்காரனிடம் கேட்டால் ஆந்தை என்பது 'முட்டாள்' என்கிற வசவு. ஒரே ஹாஸ்டல் வராந்தாவில் மூன்று ஆந்தைகள்.

மேற்கில் மட்டும் ஒரே ஆந்தையா என்றால் அதுவும் இல்லை. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் அரசன் டன்கன் கொல்லப்படும் ராத்திரியில் ஆந்தை அலறுகிறது. அதைக் கேட்பவர் லேடி மேக்பெத். அந்தக் காட்சியைத் தமிழில் போடுபவருக்குக் கவலையே இல்லை. ஆந்தையை அப்படியே விட்டால் போதும், நம் சபை தானாகவே பயந்துகொள்ளும்.

கஷ்டம் வாத்தியார் ஆந்தையில்தான். ஒரு சிறுமி அழுதுகொண்டிருக்கிறாள், ஜன்னலில் ஆந்தை வந்து உட்கார்ந்து குரல் கொடுக்கிறது, அவளுக்கு மனசு லேசாகிறது என்று ஒரு ஆங்கிலக் கதையில் வருவதாக வைத்துக்கொள்வோம். தமிழில் ஆந்தையைக் கிளியாக மாற்றிவிடலாமா? ராத்திரிக் காட்சி என்றால் கிளி தூங்கப் போயிருக்கும். படத்தில் ஆந்தை வரைந்திருந்தால் மொழிபெயர்ப்பு பல்லிளிக்கும். ஆகவே பறவையை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வினைச்சொல். பள்ளியில் மரபுச் சொல் படித்தது ஞாபகம் இருக்கா? காகம் கரையும், மயில் அகவும், கூகை குழறும், ஆந்தை அலறும். பழக்கதோஷத்தில் "ஆந்தை அலறியது" என்று எழுதினீர்களோ, அந்தச் சிறுமி வீட்டில் ஒரு சாவு விழுந்துவிடும். 'அலறியது' என்ற சொல்தான் அபசகுனத்தைக் கூட்டி வருகிறது. "மெல்லக் கூப்பிட்டது" என்று எழுதிப் பாருங்க. பாதி பயம் போய்விடும். 'கோட்டான்', 'கூகை' என்ற சொற்களையும் தவிர்த்து 'ஆந்தை' என்பதிலேயே நின்றால் இன்னும் கொஞ்சம் தேறும். மீதியை, அவள் அந்த ஆந்தையை ஏற்கெனவே அறிந்தவள் என்று கதை காட்டுகிறதா என்பதைப் பொறுத்து விடலாம்.

எது பயணம் செய்யும்?

சில கதைகளில் இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் காக்காவும் ஆந்தையும் உலகத்தையே சுற்றியிருக்கின்றன. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் நடக்கும் போர். ராத்திரியில் ஆந்தைகள் வந்து காகங்களைக் கொன்றுவிட்டுப் போகின்றன. காக அரசன் மேகவர்ணனின் கிழட்டு மந்திரி, அடிபட்டுத் துரத்தப்பட்டவன்போல நடித்து ஆந்தைகளின் குகைக்குள் இடம் பிடிக்கிறான். கூடு கட்டுகிறேன் என்று குகை வாசலில் சுள்ளி சேர்க்கிறான். ஆந்தைகளுக்குக் கண் தெரியாத பகலில் தீ வைத்துவிடுகிறான்.

இந்தக் கதை ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா வழியாக அரபிக்கும் போனது. 1826ல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தார். அவர் நம் சென்னையில், கோட்டை நிர்வாகம் நடத்திய கல்விச் சங்கத்தில் தமிழ்ப் புலவராக இருந்தவர். காகத்தைப் பிரிவின் பறவையாகப் பார்த்த அரபு வாசகரும், பித்ருவாகப் பார்த்த தமிழ் வாசகரும் ஒரே கதையை ஒரே மாதிரி ரசித்தார்கள். எப்படி?

ஏனென்றால் அந்தக் கதை நிற்பது நம்பிக்கையின் மேல் இல்லை, பறவைகளின் நடத்தையின் மேல். ஆந்தை ராத்திரி வேட்டையாடும், காகம் பகலில் கூட்டமாக இயங்கும். ஆந்தைக்குப் பகலில் கண்ணே தெரியாது என்பது கதைக்கான மிகை. ஆனால் பகலில் மரத்தில் ஒரு ஆந்தை மாட்டிக்கொண்டால் காக்காக் கூட்டம் சூழ்ந்து கத்தி விரட்டுவதை நம் காம்பஸிலேயே பார்க்கலாம். காலம் அறிந்து செயல்படுவதைப் பற்றித் திருவள்ளுவர் 481ஆம் குறளில் சொல்லும் உவமையும் இதுவே: தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும். 1886ல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் இரண்டு பறவைகளையும் அப்படியே வைத்தார். வைத்தது சரி. அங்கே ஆந்தை அறிவாளியா அபசகுனமா என்ற கேள்வியே எழவில்லை. பகலா ராத்திரியா என்பதுதான் கேள்வி.

நடத்தை எல்லை தாண்டும். நம்பிக்கைக்குத்தான் விசா வேண்டும். மொழிபெயர்க்க உட்காரும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பழமொழி வந்தால்?

பழமொழிக்கும் சொலவடைக்கும் கதையைவிடச் சுலபமான ஒரு சோதனை உண்டு: அந்தப் பறவை காட்சியில் நிஜமாக இருக்கிறதா, வெறும் பேச்சில் இருக்கிறதா? பேச்சில் மட்டும் என்றால் தாராளமாக மாற்றலாம், தூக்கியும் போடலாம்.

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி முழிப்பவனை ஆங்கிலத்தில் ராத்திரி ஆந்தை என்பார்கள். நம்மிடம் ராக்கோழி தயாராக இருக்கிறது. 'காகம் பறக்கிற மாதிரி இவ்வளவு தூரம்' என்று அவர்கள் சொன்னால், சர்வேயிங் படித்த நமக்கு அது நேர்கோட்டுத் தூரம். பட்டறையில் இருக்கும் க்ரோபார் கடப்பாரை. அதில் காக்கா இருப்பது யாருக்கும் ஞாபகமே இல்லை. 'காகம் தின்றான்' என்று அவர்கள் சொல்வது, தப்பை ஒத்துக்கொண்டு அவமானப்பட்டான் என்ற அர்த்தத்தில். அதை அப்படியே தமிழில் எழுதினால் 'ரன்' படத்து விவேக்கின் காக்கா பிரியாணிதான் நினைவுக்கு வரும். 'மூக்குடைபட்டான்' என்று போட்டால் வேலை முடிந்தது.

நம்மிடமிருந்து போகும்போதும் அதேதான். 'காக்கா பிடிக்கிறான்' என்பதற்குப் பறவையைத் தேடாமல் முகஸ்துதி என்று எழுதிவிடலாம். ஆனால் 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கருப்பான குஞ்சைத் தாய் பொன்னாகப் பார்க்கிறாள் என்ற நிற முரண்தான் அந்தப் பழமொழியின் உயிர். காக்கா கருப்பு என்பது எல்லா ஊரிலும் தெரிந்த விஷயம் என்பதால் இதை அப்படியே கொண்டுபோகலாம். 1874ல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு அச்சிட்ட பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு, ஒவ்வொன்றிலும் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று விடுகிறேன். 'காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.' லேப் ரெக்கார்டில் இரண்டு வரைகோடுகள் சேர்ந்து ஏறினால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடுகிறோமே, அந்தத் தப்பைச் சொல்ல இதைவிட நல்ல தொடர் எந்த மொழியிலும் இருக்காது. இதில் காக்காவை வைப்பீங்களா, மாற்றுவீங்களா? பனைமரம் பார்க்காதவருக்குப் பனம்பழத்தை என்ன செய்வீங்க? முடித்ததும், தமிழ் தெரியாத ஒருத்தரிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்க. நீங்க விளக்க வாயைத் திறக்காதீங்க. அவர் சொல்வதில் தற்செயல் என்பது வந்துவிட்டால், காக்கா பத்திரமாக வந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்.